தினமும் இரவு என்.ஏ.வி. குறித்துவைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர் தங்கள் மியூச்சுவல் ஃபண்டுகளின் என்.ஏ.வி.யை, அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய விலையை, தினமும் ஷீட்டில் ஏற்றுகிறார்கள். இந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்தவன் நான் என்பதால் சந்தேகமெல்லாம் என்னிடமே வரும். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் இங்கே தொகுத்துவிட்டேன். உதாரணத்தில் வரும் என்.ஏ.வி. எண்கள் கணக்குக்காக நானே வைத்துக்கொண்டவை, எந்த ஃபண்டுடையதும் அல்ல. தேதிகள் மட்டும் உண்மையான நாட்காட்டிப்படி.

ஏழு மணிக்குப் பார்த்தா நேத்து நம்பர்தான் இருக்கு. இன்னைக்கு என்.ஏ.வி. எத்தனை மணிக்கு வரும்?

பெரும்பாலான திட்டங்களுக்கு இரவு 11 மணிதான் ஒழுங்குமுறை அமைப்பான செபி வைத்திருக்கும் கெடு. சிலது ஒன்பது மணிக்கே வந்துவிடும், சிலது பத்தே முக்காலுக்கு வரும். பங்குச் சந்தை மாலை 3.30-க்கு முடிந்ததும் ஃபண்ட் நிறுவனம் தன்னிடமுள்ள ஒவ்வொரு பங்கையும் பத்திரத்தையும் அன்றைய விலைக்கு மதிப்பிட்டு, கையிலிருக்கும் பணத்தைக் கூட்டி, அன்றைய செலவைக் கழித்து, மிச்சத்தை மொத்த யூனிட்டுகளால் வகுக்கிறது. அந்த வேலை முடிய நேரமாகும்.

வெளிநாட்டில் முதலீடு செய்யும் திட்டங்களும், மற்ற ஃபண்டுகளில் முதலீடு செய்யும் ‘ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்ஸ்’ திட்டங்களும் மறுநாள் காலை 10 மணி வரை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கச் சந்தை முடியும்போது நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும். ஆகவே அந்த மாதிரி ஃபண்ட் வைத்திருப்பவர்கள் இரவு முழித்துக் காத்திருப்பதில் பயனில்லை. காலைக் காபியோடு பார்த்தால் போதும்.

எதைப் பார்த்து எழுதுவது அண்ணே? ஆப்புல ஒண்ணு இருக்கு, ஃபண்ட் கம்பெனி சைட்ல ஒண்ணு இருக்கு.

இரண்டும் சரியாகத்தான் இருக்கும், தேதிதான் வேறாக இருக்கும். ஆப்பில் எண் பெரிதாகவும் தேதி பொடி எழுத்திலும் இருப்பதால் நாம் கவனிப்பதில்லை. எல்லா ஃபண்ட் நிறுவனங்களும் தங்கள் என்.ஏ.வி.யைத் தங்கள் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் ஏற்றியாக வேண்டும். அங்கே NAVAll.txt என்ற ஒரே கோப்பில் நாட்டிலுள்ள எல்லாத் திட்டங்களும் வரிவரியாக இருக்கும். நான் அதைத்தான் எடுக்கிறேன். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அந்த என்.ஏ.வி. எந்த நாளுடையது என்று தேதி இருக்கும்.

ஷீட்டில் ஏற வேண்டியது அந்தத் தேதிதான், நீங்கள் உட்கார்ந்து எழுதுகிற தேதி இல்லை. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த ஒரு விஷயமே பதில்.

ஒரே பேர்ல நாலு வரி இருக்கு சார். என்னோடது எது?

டைரக்ட், ரெகுலர் என்று இரண்டு. ஒவ்வொன்றிலும் குரோத், ஐடிசிடபிள்யூ என்று இரண்டு. ஆக நாலு வரி, நாலுக்கும் தனித்தனி என்.ஏ.வி. ரெகுலரில் முகவரின் கமிஷனும் செலவில் சேர்வதால் அதன் என்.ஏ.வி. பொதுவாக டைரக்டைவிடக் குறைவாக இருக்கும். குரோத்தில் லாபம் திட்டத்திலேயே தங்கிவிடும், ஐடிசிடபிள்யூவில் அவ்வப்போது பணமாகப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். 2021 ஏப்ரல் வரை டிவிடெண்ட் என்று அழைக்கப்பட்டதுதான் அது.

பெயரை வைத்துத் தேடாதீர்கள். மாதாமாதம் மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் ஒவ்வொரு திட்டத்துக்கும் INF என்று தொடங்கும் 12 எழுத்து அடையாள எண், ஐ.எஸ்.ஐ.என்., இருக்கும். கோப்பில் அதைத் தேடினால் ஒரே ஒரு வரி கிடைக்கும். அந்த வரியின் தொடக்கத்தில் இருக்கும் ஆறு இலக்க எண்தான் திட்டக் குறியீடு. இனி ஷீட்டில் அந்த எண் போதும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஐந்து மாதம் ரெகுலர் வரியை எழுதிக்கொண்டிருந்தார், அவர் வைத்திருந்ததோ டைரக்ட். தினசரி சதவீதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பதால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மொத்த மதிப்பு அறிக்கையோடு ஒத்துப்போகாதபோதுதான் தெரிந்தது.

ஷீட்ல என்னென்ன தலைப்பு போடணும்?

தேதி, என்.ஏ.வி., ரூபாயில் மாற்றம், சதவீத மாற்றம். இந்த நாலு போதும். ஒரு ஃபண்டுக்கு ஒரு தாள். என்.ஏ.வி.யை நாலு தசமம் வரை அப்படியே எழுதுங்கள், இரண்டாகச் சுருக்க வேண்டாம். என்.ஏ.வி. பத்து ரூபாய் அளவில் இருக்கும் லிக்விட் ஃபண்டில் ஒரு நாள் நகர்வே மூன்றாவது, நாலாவது தசமத்தில்தான் தெரியும்.

A-யில் தேதி, B-யில் என்.ஏ.வி. என்றால் மூன்றாவது வரியிலிருந்து இப்படி:

```
C3:  =B3-B2
D3:  =B3/B2-1
```

2026 ஜனவரி 22, வியாழன்: 48.2317. 23, வெள்ளி: 47.9105. மாற்றம் −0.3212, சதவீதத்தில் −0.67. வகுக்க வேண்டியது முந்தைய நாள் எண்ணால். இன்றைய எண்ணால் வகுத்துவிட்டு ‘ஆப்போடு ஒத்துப்போகவில்லை’ என்று வருபவர்கள் அநேகம்.

சனி, ஞாயிறுக்கு என்ன எழுதறது? வெள்ளிக்கிழமை நம்பரையே போட்டுடலாமா?

வேண்டாம், வரியே வேண்டாம். என் பெரியப்பா டைரியில் அப்படித்தான் எழுதிவந்தார். ஒவ்வொரு வாரமும் இரண்டு ‘0.00’. வருடக் கடைசியில் ‘சராசரி ஒரு நாள் ஏற்றம்’ என்று கணக்குப் போட்டபோது, சந்தையே நடக்காத நூற்றுச் சொச்சம் நாட்கள் அதில் புகுந்துகொண்டன.

மேலே சொன்ன வெள்ளிக்குப் பிறகு 24 சனி, 25 ஞாயிறு, 26 குடியரசு தின விடுமுறை. அடுத்த வரி 27, செவ்வாய்: 48.3950. மாற்றம் +0.4845, அதாவது +1.01%. நாலு நாள் இடைவெளி இருந்தாலும் பங்கு ஃபண்டுக்கு அது ஒரே ஒரு வர்த்தக நாளின் நகர்வு. விதிவிலக்கு லிக்விட், ஓவர்நைட் ஃபண்டுகள். வட்டி ஞாயிற்றுக்கிழமையும் சேர்வதால் அவற்றுக்கு விடுமுறை நாளுக்கும் என்.ஏ.வி. உண்டு, அந்த வரிகளை விடக் கூடாது.

தினசரி சதவீதத்தையெல்லாம் கூட்டினா மாசக் கணக்கு வந்துடும்தானே?

வராது. 100 ரூபாய் பத்து சதவீதம் இறங்கினால் 90. அங்கிருந்து பத்து சதவீதம் ஏறினால் 99. கூட்டினால் பூஜ்யம், கையில் ஒரு ரூபாய் நஷ்டம். மாதக் கணக்குக்கு மாதக் கடைசி என்.ஏ.வி.யை முந்தைய மாதக் கடைசி என்.ஏ.வி.யால் வகுத்து ஒன்றைக் கழியுங்கள். நடுவில் இருக்கும் வரிகள் அதற்குத் தேவையே இல்லை.

சந்தை இன்னைக்கு 1% ஏறிச்சு. என் ஃபண்டு 0.6 தான். தப்பா எழுதிட்டேனா?

முதலில் தேதியைப் பாருங்கள். தேதி சரியென்றால் கணக்கும் சரியாகத்தான் இருக்கும். டிவியில் சொல்வது சென்செக்ஸின் 30 பங்குகளையோ நிஃப்டியின் 50 பங்குகளையோ வைத்து. உங்கள் ஃபண்டில் இருப்பவை வேறு பங்குகள், வேறு அளவுகள், கொஞ்சம் ரொக்கமும் இருக்கும். வெளிநாட்டு ஃபண்டாக இருந்தால் அந்நியச் சந்தையின் நகர்வோடு டாலர் மதிப்பின் நகர்வும் சேர்ந்து வரும்.

செலவு விகிதம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். வருடத்துக்கு 1.8% செலவு என்றால் ஒரு நாளைக்கு 0.005% கூட இல்லை. தினமும் என்.ஏ.வி.யிலேயே கழிந்துவிடுகிறது, தனியாக நீங்கள் கழிக்க வேண்டாம். ஒரு நாள் வரியில் அது தென்படவும் தென்படாது.

எஸ்.ஐ.பி. போன அன்னைக்கு ஷீட்ல ஒரே நாள்ல 5,550 ரூபா லாபம் காட்டுதே அக்கானு என் தங்கச்சி கேக்கறா. என்ன சொல்ல?

அவள் போட்ட பணமும் அதில் இருக்கிறது என்று சொல்லுங்கள். அதே உதாரணத்திலேயே பார்ப்போம். கையில் 1,137.207 யூனிட். 25-ஆம் தேதி 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. அன்று ஞாயிறு, மறுநாள் விடுமுறை, ஆகவே 27-ஆம் தேதி என்.ஏ.வி.தான் கிடைக்கும், அதுவும் அன்று மதியம் 3 மணிக்குள் பணம் ஃபண்ட் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தால். 2020 ஜூலையிலிருந்து 0.005% முத்திரைத் தீர்வை உண்டு. 25 பைசா போக 4,999.75-ஐ 48.3950-ஆல் வகுத்தால் 103.311 யூனிட்.

வெள்ளிக்கிழமை மதிப்பு 54,484.16. செவ்வாய் மதிப்பு, 1,240.518 யூனிட்டுக்கு, 60,034.87. வித்தியாசம் 5,550.71. இதில் 5,000 அவளுடைய சேமிப்பு. நகர்வால் வந்தது பழைய யூனிட்டுகள் மீது மட்டும்: 1,137.207 × 0.4845, அதாவது 550.98. அந்த 25 பைசாவும் யூனிட்டை மூன்று தசமத்தில் நிறுத்தியதும் போக மிச்சம் ஒத்துவருகிறது. அதனால்தான் நான் யூனிட்டுகளைத் தனித் தாளில் வைக்கிறேன். என்.ஏ.வி. தாளில் விலை மட்டும், வாங்கியது விற்றது எல்லாம் இன்னொரு தாளில். வருட வருமானம் வேண்டுமென்றால் அந்த இரண்டாவது தாளில், பணம் போட்ட தேதிகளையும் கணக்கில் எடுக்கும் XIRR ஃபார்முலாவைப் போடுங்கள், முதல் தாளில் அதற்கு வழி கிடையாது.

கையால அடிக்க அலுப்பா இருக்கு. ஒரு ஃபார்முலா போட்டா தானா வராதா?

இன்றைய எண் வரும், நேற்றைய எண் போய்விடும். ஃபார்முலா இருக்கும் கட்டம் நாளை நாளைய மதிப்பைக் காட்டும், வரலாறு சேராது. தவிர, ஆம்ஃபி கோப்பில் ஆயிரக்கணக்கான வரிகள் இருப்பதால் IMPORTDATA பல நேரம் அளவு மீறியதாகச் சொல்லி நின்றுவிடும்.

கூகுள் ஷீட்டில் ‘ஆப்ஸ் ஸ்கிரிப்ட்’ திறந்து கீழே உள்ளதை ஒட்டுங்கள். NAV என்று பெயரிட்ட ஒரு தாள் இருக்க வேண்டும். குறியீடுகளை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

```javascript
function navEdu() {
  const codes = ['120716', '122639'];
  const url = 'https://portal.amfiindia.com/spages/NAVAll.txt';
  const sh = SpreadsheetApp.getActive().getSheetByName('NAV');
  const seen = new Set(sh.getDataRange().getValues().map(r => r[0]));
  UrlFetchApp.fetch(url).getContentText().split('\n').forEach(line => {
    const p = line.trim().split(';');
    if (p.length < 6 || !codes.includes(p[0]) || isNaN(p[4])) return;
    const key = p[0] + '|' + p[5];
    if (!seen.has(key)) sh.appendRow([key, p[5], p[0], Number(p[4])]);
  });
}
```

கோப்பின் வரி அரைப்புள்ளிகளால் பிரிந்திருக்கும்: குறியீடு, இரண்டு ஐ.எஸ்.ஐ.என்., பெயர், என்.ஏ.வி., தேதி. குறியீட்டையும் தேதியையும் ஒட்டி முதல் நெடுவரிசையில் ஒரு அடையாளம் வைக்கிறோம். அதே அடையாளம் ஏற்கெனவே இருந்தால் எழுதாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஓடினாலும், ஒரே இரவில் மூன்று முறை ஓடினாலும் இரட்டை வரி விழாது. பெரியப்பாவின் ‘0.00’ பிரச்சினையும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. எல்லா ஃபண்டும் ஒரே தாளில் கலந்து விழும், ஒன்றை மட்டும் பிரிக்க வேறொரு தாளில்:

```
=SORT(FILTER(NAV!B2:D, NAV!C2:C&""="120716"), 1, TRUE)
```

NAV தாளின் முதல் வரியில் தலைப்பு எழுதிவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். பிரித்த தாளில் என்.ஏ.வி. மூன்றாவது நெடுவரிசையில் வரும், மாற்றக் கணக்கை D-யிலிருந்து தொடங்குங்கள்.

ஸ்கிரிப்ட் ஓடுச்சுன்னு காட்டுது, ஆனா புது வரி விழலை.

பெரும்பாலும் அது ஓடிய நேரத்தில் உங்கள் ஃபண்டின் புது என்.ஏ.வி. வந்திருக்காது. ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் நேர ட்ரிகரை இரண்டாக வையுங்கள்: இரவு 11 முதல் 12-க்குள் ஒன்று, காலை 10 முதல் 11-க்குள் ஒன்று. கூகுள் சரியாக மணி அடித்தாற்போல் ஓட்டாது, அந்த ஒரு மணி நேரத்துக்குள் எப்போதாவது ஓட்டும்.

என் ஷீட்டில் ஒரு தடவை இரவு வரிகள் எதுவுமே விழாமல் காலையில்தான் விழுந்தன. கோப்பு பிழையா, ஆம்ஃபி தாமதமா என்று நாலு நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால் ஸ்கிரிப்ட் அமைப்பில் நேர மண்டலம் நியூயார்க் என்றிருந்தது. அங்கே இரவு 11 என்றால் குளிர்காலத்தில் நமக்குக் காலை ஒன்பதரை. Asia/Kolkata என்று மாற்றியதும் சரியாயிற்று. தேதியைக் கோப்பிலிருந்தே எடுத்துவந்ததால் விழுந்த வரிகளில் தப்பில்லை. வரி விழுந்த நேரத்து இந்தியத் தேதியைப் போடும்படி எழுதியிருந்தால் எல்லாம் ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும்.

நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்த ஃபண்டு இன்னைக்கு 4% விழுந்திருக்கு, சந்தை அசையவே இல்லை.

ஐடிசிடபிள்யூ வரியா என்று பாருங்கள். பணம் பங்கிட்டுக் கொடுத்தால் அந்தத் தொகை என்.ஏ.வி.யிலிருந்து கழியும். நேற்று 24.60. யூனிட்டுக்கு 1.20 கொடுத்தார்கள். இன்று 23.52. ஷீட் −4.39% என்று அலறும். உண்மையில் 23.52 உடன் 1.20 சேர்த்து 24.60-ஆல் வகுத்தால் +0.49%. இப்படிப்பட்டவர்கள் ‘பங்கீடு’ என்று ஐந்தாவது தலைப்பு வைத்து, அன்றைய வரியில் மட்டும் அதைக் கூட்டிக்கொள்ளலாம். அதே திட்டத்தின் குரோத் வரியை எடுத்து ஒப்பிட்டால் இரண்டும் ஒத்துப்போகும், சரிபார்க்க அதுவே சுலபமான வழி.

குரோத் வரியிலேயே, அதுவும் கடன் பத்திர ஃபண்டில், இப்படி விழுந்தால் விஷயம் வேறு. ஏதோ ஒரு நிறுவனத்தின் பத்திரத்தை மதிப்புக் குறைத்திருப்பார்கள். 2020 ஜனவரியில் வோடஃபோன் ஐடியா பத்திரங்களை வைத்திருந்த ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் கடன் திட்டங்களில் இது நடந்தது. அத்தகைய பத்திரத்தைத் தனியே பிரித்து வைத்தால் அந்தப் பகுதிக்குத் தனி என்.ஏ.வி. வரும், ஷீட்டில் தனி வரிசை வேண்டும். அதே ஆண்டு ஏப்ரலில் அந்நிறுவனம் ஆறு கடன் திட்டங்களை மூடியபோது பணம் எடுப்பது நின்றது, என்.ஏ.வி. மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தது. ஷீட்டில் எண் ஓடுகிறது என்பதால் அந்த விலைக்குப் பணம் கைக்கு வரும் என்று ஆகாது.

பத்து நாள் ஊர்ல இல்லை, ஷீட்ல ஓட்டை விழுந்துடுச்சு. எப்படி நிரப்பறது?

ஆம்ஃபி தளத்திலேயே பழைய என்.ஏ.வி. பகுதி இருக்கிறது, தேதி கொடுத்தால் வரும். ஒன்று கவனியுங்கள்: அந்தக் கோப்பில் நெடுவரிசைகளின் வரிசை வேறு. குறியீட்டுக்கு அடுத்தே பெயர் வந்துவிடும், ஐ.எஸ்.ஐ.என். பின்னால் போகும், என்.ஏ.வி.க்கும் தேதிக்கும் நடுவில் திரும்பப் பெறும் விலை, விற்கும் விலை என்று இரண்டு கூடுதல். மேலே உள்ள ஸ்கிரிப்டை அப்படியே அதன் மேல் ஏவினால் தேதி இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ விழும். பத்து நாள்தானே, கையால் ஒட்டிவிடுங்கள். எழுதும்போது முதல் நெடுவரிசை அடையாளத்தையும் அதே வடிவில் எழுதுங்கள், 120716|27-Jan-2026 என்பது போல.

ஓட்டையை நிரப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்றால், திரும்பிவந்த நாள் வரியில் பத்து நாள் நகர்வு முழுவதும் ‘ஒரு நாள் மாற்றம்’ என்று நிற்கும்.

என் ஃபண்டு வரியே கோப்புல காணோம். காசு போச்சா?

போகவில்லை. பெயர் மாறினால் குறியீடு பொதுவாக அப்படியே தொடரும், அதனால்தான் பெயரை வைத்துத் தேட வேண்டாம் என்றேன். வரியே காணோம் என்றாலோ, வரி இருந்தும் தேதி நகராமல் நிற்கிறது என்றாலோ, திட்டம் இன்னொன்றோடு இணைந்திருக்க வாய்ப்பு அதிகம். முன்கூட்டியே அதைப் பற்றி ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

இணைப்பு நாளில் மதிப்பு மாறாது, யூனிட் எண்ணிக்கை மாறும். நம் உதாரணத்தின் 1,240.518 யூனிட், 48.3950 என்ற என்.ஏ.வி.யில், 62.5000 என்.ஏ.வி. உள்ள திட்டத்தோடு சேர்ந்தால் 60,034.87-ஐ 62.5-ஆல் வகுத்து 960.558 யூனிட் கிடைக்கும். புதுக் குறியீட்டைப் பழைய தாளிலேயே தொடர்ந்து எழுதினால் அன்று 29% ஏறியதாகக் காட்டும். புதுத் தாள் திறந்து, பழைய தாளின் கடைசி வரியில் ‘இணைந்தது, புதுக் குறியீடு இன்னது’ என்று ஒரு குறிப்பு எழுதி மூடிவிடுங்கள். யூனிட் தாளில் பழையது கழிந்ததாக ஒரு வரி, புதியது சேர்ந்ததாக ஒரு வரி.